உள்ளறையின் மாறிலி

அது மறுபடியும் நகர்ந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைத் திரும்பப் பார்த்தாள். நகர்ந்துதான் இருந்தது.

நகரக்கூடாத எண் அது. பழைய காகிதங்கள் அடுக்கிய ஒரு கிடங்கு. வெளியறை ஒன்று, அதற்குள் பூட்டிய உள்ளறை ஒன்று. இரண்டிலும் வெப்பமானிகள். வெளியறையின் சூடு சுவர் வழியே காற்றுக்குப் போகிறது. உள்ளறையின் சூடு பெரும்பாலும் வெளியறை வழியாகத்தான் போகிறது. இந்த இழப்பும் பரிமாற்றமும் நான்கு எண்கள் கொண்ட ஓர் அணியில், மேட்ரிக்ஸில், அடங்கிவிடும். அந்த அணியின் அடுக்குக்குறியை, அதாவது எக்ஸ்பொனென்ஷியலை, கண்டுபிடித்துவிட்டால், யாரும் தொடாத அறைகள் எப்படி ஆறும் என்று சொல்லிவிடலாம். தொடக்கச் சூட்டை அதனால் பெருக்கினால் போதும். அதையே தலைகீழாகவும் செய்யலாம். இப்போதைய சூட்டைப் பின்னோக்கி ஓட்டினால் தொடக்க எண் திரும்பக் கிடைக்க வேண்டும். எந்த நேரத்திலிருந்து ஓட்டினாலும் அதே எண். அதனால்தான் அதற்கு மாறிலி என்று பெயர்.

வெளியிலிருந்து ஏதாவது சூட்டைத் தள்ளினால் மட்டும் அது மாறும். மாறும் வேகத்திலிருந்து, எந்த அறையில் எவ்வளவு தள்ளல் என்று எழுதிவிடலாம். வெளிக்காற்று ஏறி இறங்குவது தெரிந்த தள்ளல். அதை அவள் ஏற்கெனவே கழித்துவிட்டாள். பின்னோக்கி ஓட்டும்போது வெப்பமானியின் சிறு பிழைகளும் ஊதிப் பெருகும் என்பதால், கணக்கைச் சிறு நேரத் துண்டுகளாக வெட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் வெளியறையில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு துண்டிலும் உள்ளறையில் ஒரே அளவு தள்ளல்.

ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் வரும் சூடு.

அலுவலகத்தில் அவளைச் சூடு மேடம் என்பார்கள். கட்டடங்களின் சூட்டைக் கணக்கிடுவது அவள் வேலை. கோபமே வராதவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பு முடித்து வந்த நாளிலிருந்து அதே மேசை, அதே சன்னல். கல்யாணத்துக்கு எடுத்த விடுப்பைத் தவிர நீண்ட விடுப்பு எடுத்ததில்லை. கணவர் ஏசி மெக்கானிக். அவர் குளிர் போடுகிறார், இவள் சூடு எண்ணுகிறாள், வீட்டில் மின்விசிறிதான் ஓடுகிறது என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை கிடங்குக்குள் பூச்சி கொல்லும் வாயு விடப் போகிறார்கள். அறைகளின் சூட்டுக்கேற்ப வாயுவின் அளவு. அதற்காகத்தான் வெப்பமானிகள் வைத்தது. அளவு சரி, உள்ளே உயிர் எதுவும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்து மேசையில் புரோகிராம் எழுதுபவன். எதையும் சீக்கிரம் முடிப்பதால் குறுக்குவழி என்று அவனுக்குப் பெயர். அவனுடைய புரோகிராம் வேறு விடை சொல்லியிருந்தது. உள்ளறையில் ஒன்றுமில்லை, வெளியறையில் தள்ளல் உண்டு. அதை வைத்து மேலாளர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: காவலாளி ராத்திரியில் வெளியறைக்குள் அடுப்பு வைத்துக்கொண்டு தூங்குகிறார். அவரை வேலையை விட்டு எடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"இங்க வாயேன்," என்றாள். "அடுக்குக்குறியை எப்படி எடுத்த?"

அவன் நாற்காலியோடு உருண்டு வந்தான். "ரெண்டாப் பிரிச்சேன்க்கா. இழப்பு ஒரு அணி, பரிமாற்றம் ஒரு அணி. தனித்தனியா எடுத்துப் பெருக்கிட்டேன். கூட்டலோட அடுக்கு, அடுக்குகளோட பெருக்கல். பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தந்தாங்களே."

"அது எண்ணுக்கு."

அவன் ஒரு கணம் திரையைப் பார்த்தான். "ஐயோ."

"ரெண்டு அணியும் இடம் மாத்திப் பெருக்குனாலும் ஒரே விடை வந்தாத்தான் அது செல்லும். ரெண்டு அறையும் ஒரே வேகத்துல சூட்ட இழந்தா சரி. இங்க வெளியறை மடமடன்னு இழக்குது, உள்ளறை மெதுவா. கணக்கை எத்தனை நேரத்துக்கு ஒரு அடியா எடுத்து வச்ச?"

"ராத்திரி முழுக்க ஒரே அடி."

"நல்லா வச்ச போ. சின்னச் சின்ன அடியா வச்சிருந்தா தப்பு ஒண்ணுமில்லாத அளவுக்குக் குறைஞ்சிருக்கும்."

அவனுடைய பெருக்கல் முதலில் இரண்டு அறைகளையும் கலந்து, பிறகு ஒவ்வொன்றையும் தனியே ஆறவிட்டிருந்தது. பகல் வெயிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும்; கலப்பதால் எதுவும் மாறாது. பிறகு உள்ளறை தன் தடித்த சுவர் வழியே மட்டும் மெல்ல ஆறும். நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஆறிப்போன வெளியறை உள்ளறையின் சூட்டை இரவெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே உள்ளறை அவன் சொன்னதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், வெளியறை அவன் சொன்னதைவிடச் சூடாக இருக்க வேண்டும். வெளியறை அதேபோலச் சூடாகத்தான் இருந்தது. அந்த மிச்சச் சூடுதான் காவலாளியின் தலையில் விழுந்திருந்தது. உள்ளறை மட்டும் குளிரவில்லை. அவனுடைய தப்பு அங்கே இருந்த எதையோ சரியாக மூடிவைத்திருந்தது.

"அப்ப உள்ள யாருக்கா?" என்றான் குறுக்குவழி. அவன் குரலில் விளையாட்டு இல்லை.

அவள் மேலாளரிடம் போனாள். அவர் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"வெப்பமானி கெட்டிருக்கும்மா."

"ரெண்டையும் இடம் மாத்தி வச்சுப் பார்த்தாச்சு சார். அதே விடைதான்."

"எலி?"

"அவ்வளவு சூட்டுக்கு அறை நிறைய எலி வேணும் சார். காகிதம் மிஞ்சியிருக்காது."

வெயில் தாழ்வதற்குள் மூவரும் கிடங்கில் இருந்தார்கள்: அவள், மேலாளர், சாவியோடு காவலாளி. காவலாளி மெலிந்த மனிதர். மேலாளரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"நான் உள்ள படுக்கிறதே இல்லம்மா," என்று அவளிடம் மட்டும் சொன்னார். "கேட்டுக்கு வெளியதான். கொசு கடிச்சாலும் வெளியதான்."

"தெரியும்ணே. கணக்கும் இப்ப அதையே சொல்லுது."

"ஏம்மா, கணக்குக்கு இவ்வளவு நாள் ஆச்சா?"

"ஏண்ணே வெளியவே படுக்கிறீங்க?"

அவர் சாவியைத் திருப்பினார். "உள்ள இருந்தா, நம்ம இடத்துல இருக்கிற மாதிரி இல்லம்மா."

உள்ளறைக்குள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னாள். கதவு திறந்திருந்தால் பரிமாற்றம் கூடிவிடும், அணியே மாறிவிடும். மேலாளர் முகம் சுளித்தபடி சாத்தினார். இரும்பு அலமாரிகள், கட்டுக்கட்டாகக் காகிதம், மடங்கிய ஓர் ஏணி. சன்னல் இல்லை. ஒவ்வொரு வரிசையாக நடந்தார்கள். அலமாரிகளுக்குக் கீழே டார்ச் அடித்தார்கள். ஏணி போட்டு மேலேயும் பார்த்தார்கள். காலடியில் தூசி மெத்தென்று இருந்தது. அவர்களுடைய கால்தடங்களையும் வாசலருகே வெப்பமானி வைத்துப்போன தடங்களையும் தவிர வேறு தடம் இல்லை.

"போதுமாம்மா?" என்றார் மேலாளர்.

"இன்னும் கொஞ்சம் நிப்போம் சார். நம்ம சூடு கணக்குல ஏறட்டும். கணக்கு சரியான்னு தெரிஞ்சிடும்."

நின்றார்கள். கடைசி வரிசையின் மூலையில் காற்று வெதுவெதுப்பாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டினாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. திருத்திய புரோகிராமோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த குறுக்குவழி.

"அக்கா, இப்ப உள்ள எத்தனை பேரு?"

"மூணு பேரு. ஏறுதா?"

"ஏறுது. வெளியறை சுத்தம், உள்ளறையில டபக்குனு ஏறிச்சு." நிறுத்தினான். "நாலு வருதுக்கா."

"திரும்பப் போடு."

"திரும்பப் போட்டுட்டுத்தான் கூப்பிடறேன்."

மேலாளர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

"நாலு பேருன்னு சொல்றான் சார்."

காவலாளி கதவைத் திறந்தார். யாரும் அவரைத் திறக்கச் சொல்லவில்லை.

வெளியே மேலாளர் வண்டியில் சாய்ந்து நின்றார். "கண்ணால பார்த்தாச்சு. ஆள் இல்லை. வாயுக்காரர் வேற ஊர்லேர்ந்து வர்றாரு. எண்ணுக்காக நிறுத்த முடியாதும்மா."

"காலையில இன்னொரு தடவை பார்க்கணும். ஒவ்வொரு கட்டையும் இறக்கி. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"இறக்கிப் பார்த்து, இல்லைன்னா?"

"இல்லைன்னா போடறேன் சார்."

வீட்டில் கணவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் சூடா?"

"ஆமா."

"வேலையே செய்யாம?"

"ஆமாங்க."

"எங்க சூப்பர்வைசரா இருக்கும்." அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அவர் தட்டைக் கீழே வைத்தார். "மீட்டர் பொய் சொல்லும்டி. நான் தினமும் பார்க்கிறேன்."

"மூணு பேரு போனோம், மூணு கூடுச்சு. அதுல பொய் இல்லையே. முன்னாடி இருந்த ஒண்ணுல மட்டும் எப்படிப் பொய் வரும்?"

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இந்தச் சூடெல்லாம் எவ்வளவு நாளா அங்க சேர்ந்திருக்கு?"

"சேராது. வந்ததெல்லாம் வந்த நேரத்துலேர்ந்து ஆறிக்கிட்டே இருக்கும். பழைய தள்ளல் ரொம்ப ஆறியிருக்கும், புதுசு கொஞ்சமா ஆறியிருக்கும். எல்லாத்தையும் கூட்டினதுதான் அறையில இருக்கிற சூடு. அதனால இது எப்பவோ இருந்த ஆள் விட்டுட்டுப் போனது இல்லை. இப்பவும் வந்துக்கிட்டிருக்கு."

"சரி, சாப்பிடு," என்றார்.

மறுநாள் காலை கூலிக்கு ஆட்கள் வந்து உள்ளறையின் கட்டுகளை எல்லாம் இறக்கினார்கள். அலமாரிகளை நகர்த்தினார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. கட்டுகளைத் திரும்ப ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவைப் பூட்டி, இடுக்குகளில் நாடா ஒட்டினார்கள். குறுக்குவழி ஃபோனில், உள்ளே இன்னும் ஒன்று என்றான். அவள் வாயுக்காரரின் வண்டி மீது தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வாயு மதியத்துக்கு முன் விடப்பட்டது. காவலாளியின் வேலை அவரிடமே இருக்கட்டும் என்று மேலாளர் சொன்னார். காவலாளி தலையசைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

அவள் அலுவலகத்துக்குத் திரும்பிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். வாயு விட்ட பிறகும் உள்ளறையில் தள்ளல் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு துண்டில் அது கூடியது. அடுத்த துண்டில் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்ததில் பூஜ்யம். அதற்குப் பிறகு மாறிலி நகரவில்லை. வெளிக்காற்றைக் கழித்துவிட்டால், உள்ளறை அவள் எழுதிவைத்திருந்த வளைவிலேயே மாலை வரை ஆறியது. குறுக்குவழி வந்து பின்னால் நின்று பார்த்தான். கணக்கு இப்போது சரியாகப் பொருந்துகிறது என்றான். ஆமாம் என்றாள். கணினியை அணைத்துவிட்டுப் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனாள்.