நெல்லுக்குக் கொடுத்த ரொக்கம்

வருமான வரித் தாளில் கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு. ஒரு வியாபாரியின் லாப நஷ்டக் கணக்கைக் கொடுத்து, வரி போட வேண்டிய வருமானம் எவ்வளவு என்று கேட்பான். நான் சி.ஏ. இன்டரில் மூன்று தாள் கொண்ட இரண்டாவது குரூப் எழுதிய அந்த நவம்பரில் வந்த வியாபாரி ஒரு ரைஸ் மில்காரர். கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வலங்கைமான் பக்கம் நெல் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. என் ஊர் ஆளையே கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

எனக்கு அது கடைசி வாய்ப்பு. கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த பையன்களில் பாதிப் பேர் அதற்குள் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று கிளம்பிப் போய்விட்டார்கள். ஷார்ஜாவிலிருந்த சித்தப்பா எனக்கும் ஒரு குடோன் வேலைக்கு விசா பார்த்து வைத்திருந்தார். "இந்த ஒரு தடவை எழுதிப் பாரு. ஆகலைன்னா கிளம்பிடு, தம்பி. தங்கச்சி கல்யாணம் இருக்கு" என்றார் அப்பா. நியாயமான பேச்சுதான். எனக்கு ஷார்ஜா போக இஷ்டமில்லை. ஆடிட்டராகிக் கும்பகோணத்திலேயே ஒரு போர்டு மாட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திருச்சி சென்டரில் உட்கார்ந்து அந்தக் கணக்கை ரசித்துப் போட்டேன். லாபத்தை எடுத்துக்கொண்டு, செலவாக ஒத்துக்கொள்ள முடியாததை எல்லாம் திரும்பக் கூட்டினேன். மில்காரர் கட்டிய வருமான வரி, வீட்டுச் செலவுக்கு எடுத்தது, ஆயுள் காப்பீட்டு பிரீமியம், வராக்கடனுக்கு என்று ஒதுக்கி மட்டும் வைத்த தொகை எல்லாம் உள்ளே வந்தன. புத்தகத்தில் அவர் இஷ்டத்துக்கு எழுதியிருந்த தேய்மானத்தையும் கூட்டிவிட்டு, சட்டப்படி வரவேண்டிய தேய்மானத்தைத் தனியாகக் கழித்தேன். நெல் காயவைக்கும் டிரையர் ஒன்றைச் செப்டம்பரில் வாங்கியிருந்தார். ஓட்ட ஆரம்பித்தது ஜனவரியில். வருஷத்தில் நூற்றெண்பது நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான், அதனால் பாதி போட்டேன். கடைசியாக ஒரு வரி இருந்தது. விவசாயி ஒருவரிடம் நெல் வாங்கி அறுபதாயிரம் ரூபாயை ஒரே தடவையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவில் ஐந்தில் ஒரு பங்கை அப்போது ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விளைவித்தவனிடமே நேராக வாங்குகிற விளைபொருளுக்கு அந்தத் தடை கிடையாது. அதையும் குறிப்பாக எழுதி, கையை வைக்காமல் விட்டேன். களத்தில் வந்து நெல் அளக்கிறவன் செக்கா எழுதிக் கொடுப்பான்!

ஹாலை விட்டு வெளியே வந்தோம். டீக்கடையில் ஒரு கும்பல் நின்றது. நடுவில் எங்கள் ஆபீஸ் சீனியர் அண்ணன். அவருக்கு அது மூன்றாவது தடவை. ஆபீசில் வரி என்றால் எல்லோரும் அவரிடம்தான் போவோம். எழுதி முடித்த தாளைப் பிரித்துப் பேசக்கூடாது என்று எங்கள் ஆடிட்டர் தலைபாடாக அடித்துக்கொள்வார். யார் கேட்டது?

"டிரையருக்கு எவ்வளவு போட்டே?" என்றார்.

"பாதிண்ணே."

"அட பாவி! செப்டம்பர்ல வாங்கிட்டானே, நாள் தாண்டிடுச்சுல்ல? முழுசா போடணும். சரி, அந்த நெல்லு ரொக்கம்?"

"அதைத் தொடலைண்ணே. விவசாயிகிட்ட வாங்கினதுல்ல."

அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் பழைய ரூல் தம்பி. எடுத்துட்டான். நீ உங்கப்பாவை நெனச்சு எழுதிட்டே."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ரூல் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் என்னைக் கவிழ்த்துவிட்டது. உண்மையிலேயே சட்டம் தெரிந்துதான் எழுதினேனா, இல்லை எங்கள் களத்தில் பார்த்ததை எழுதிவிட்டேனா? பஸ்ஸில் வரும்போது எனக்கே தெரியவில்லை. சீனியர் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவரும் நம்பித்தான் சொன்னார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாள் போனால் குரூப்பே போச்சு. இதையே சொல்லிச் சொல்லி, கடைசித் தாளுக்கு முன் இருந்த விடுமுறையில் புத்தகத்தையே தொடவில்லை. கடைசி விடை தப்பானாலும் சரியாகப் போட்ட ஒவ்வொரு வரிக்கும் மார்க் உண்டு என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். என் புத்திக்குத்தான் அன்றைக்கு எட்டவில்லை. பரீட்சை அன்று காலையில் மழை விட்டு வெயிலடித்தது. நான் போகவில்லை. சம்பா வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், வரிக் கணக்கு தப்பாகிவிட்டது, பரீட்சைக்குப் போகவில்லை என்று சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார். "சரி, சித்தப்பாவுக்கு லெட்டர் போடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ரிசல்ட் வந்தபோது சம்பா அறுவடை முடிந்திருந்தது. குடவாசலிலிருந்து மில்காரர் ஒருவர் லாரியோடு வந்து, நெல்லை ஏற்றிவிட்டு, களத்திலேயே நூறு ரூபாய்க் கட்டுகளாக அப்பா கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். என் விசாவுக்காக ஏஜென்டிடம் கட்டவேண்டிய பணம் அது. தபால்காரர் கொண்டுவந்த மார்க் ஷீட்டை அங்கேயே நின்று பிரித்தேன். காஸ்டிங் தாளில் ஐம்பத்து மூன்று. வருமான வரி அறுபத்தெட்டு. கடைசித் தாளுக்கு நேரே ஆப்சென்ட்.

அறுபதுக்கு மேல் வாங்கினால் அந்தத் தாளை அடுத்த தடவை எழுத வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. குரூப்பில் எல்லாத் தாளையும் எழுதியிருந்தால்தான் அது கிடைக்கும். எனக்கு அதுவும் இல்லை. மூன்று தாளும் சேர்த்து வேண்டிய நூற்றைம்பதுக்கு இருபத்தொன்பதுதான் குறைந்தது; தாளுக்குக் குறைந்தபட்சம் நாற்பது வேண்டும் என்பதால், கடைசித் தாளில் நாற்பது வாங்கியிருந்தால் குரூப்பே ஜெயித்திருக்கும். அந்தத் தாளில் எனக்கு நாற்பது ஒரு பொருட்டே இல்லை.

லாரி போனபிறகு அப்பா கேட்டார். "எந்தக் கணக்குடா தப்புன்னு சொன்னாங்க?"

"மில்காரன் விவசாயிக்கு ரொக்கமாக் கொடுத்தா அதைச் செலவா ஒத்துக்கலாமான்னு ஒரு கேள்விப்பா. ஒத்துக்கலாம்னு எழுதினேன். தப்புன்னுட்டாங்க. நான்தான் சரி."

அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். "அப்போ நம்ம நெல்லாலதான் போச்சா?"

"இல்லப்பா, அப்படியில்லை" என்றேன். அவர் அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

ஷார்ஜாவில் குடோன் சாவியோடு என் வயசு போனது. தங்கச்சி கல்யாணம் நடந்தது, வீடு கட்டினோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி எழுதவில்லை, அவ்வளவுதான். சீனியர் அதற்கடுத்த தடவை பாஸாகி, பைனலும் முடித்துக் கும்பகோணத்தில் போர்டு மாட்டிவிட்டார். லீவில் போகும்போது அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

அப்பா இருந்தவரைக்கும் அறுவடை முடிந்தால் எனக்குப் போன் வரும். கிடைத்த மூட்டை, மழை, அம்மாவின் முட்டிவலி எல்லாம் சொல்வார். பிறகு கொஞ்சம் தயங்கி, எத்தனை வருஷம் ஆனாலும் அதே மாதிரிக் கேட்பார்.

"இந்தத் தடவையும் ரொக்கமாத்தான்டா வாங்கினேன். தப்பில்லையே?"

"தப்பே இல்லப்பா" என்பேன்.