வீட்டில் இருந்தவள்

விடுதியோடு கூடிய அந்த மலைப்பள்ளியின் கிளார்க் குணசேகரனின் மேசைக் கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பு: 97.2. பச்சை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு வரும். ஆசிரியர்கள் காலையில் பக்கத்து அறைக் கணினியில் வருகையைப் பதிவார்கள். வகுப்புவாரியாக அது இந்த டாஷ்போர்டில் வந்து விழும். தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பு. போன வருடம் அதிகாரி ஒருவர் மலையேறி வந்து பார்த்துவிட்டு, "கிளார்க்குன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை, 2006 பிப்ரவரி பதின்மூன்று, திண்ணனூர் நாடு மலைக்கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்புத் தேன்மொழியின் அப்பா செங்கோடன் வந்தார். கையில் தூக்குவாளி.

"ஏனுங்க, தேன்மொழியக் கொஞ்சம் கூப்புடுங்க. கிழங்கு அவிச்சுக் கொண்டாந்தேன். மிளகு பறிப்புல இந்தப் பக்கம் வரவே முடியலீங்க."

"அவ உங்க ஊட்டுலதானுங்களே இருக்கறா?"

"இல்லீங்களே! பொங்கல் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே பஸ் ஏத்தி உட்டனே. சன்னலோரம் உக்காந்து கை காட்டுச்சுங்க."

குணசேகரன் பதிவைத் திறந்தார். ஜனவரி பதினெட்டிலிருந்து இன்றுவரை தேன்மொழியின் வரிசையில் ஒரே எழுத்து: 'வீ'. வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பொருள். விடுதி வார்டனும் காலையில் இந்தத் திரையைப் பார்த்துத்தான் சோற்றுக்கு அரிசி அளக்கச் சொல்வாள். 'வீ' என்று இருந்தால் தேடமாட்டாள்.

அந்த எழுத்தைக் கொண்டுவந்ததே குணசேகரன்தான். மிளகுக் காலத்தில் மலைப்பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பறிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அவர்களையும் சேர்த்தால் சதவீதம் அடிவாங்கும் என்று, 'வந்தது', 'வராதது' இரண்டை மட்டும் கூட்டி அதனால் வந்ததை வகுக்கும்படி அவரே சூத்திரம் எழுதியிருந்தார். 'வீ' போட்டவர்கள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தேன்மொழியின் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து வகுப்பாசிரியர் 'வீ' என்று தட்டிவிட்டுப் போனார். வீட்டில் கேட்டு உறுதிசெய்யும் வேலையை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சூத்திரத்தை மாற்றிப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். வந்தவர்கள் முப்பத்தைந்து, வராதவன் ஒருவன், 'வீ' ஆறு. முப்பத்தைந்தை முப்பத்தாறால் வகுத்தால்தான் 97.2. நாற்பத்திரண்டால் வகுத்தபோது 83.3. திரை சிவந்தது. மொத்தப் பிள்ளைகளில் எத்தனைபேர் வந்தார்கள் என்று பழைய சூத்திரம் எண்ணவே இல்லை. ஆசிரியர்கள் தேடவேண்டும் என்று நினைத்த பிள்ளைகளில் எத்தனைபேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நாள்!

அப்போது உள்ளே வந்த தலைமையாசிரியர் அருணாசலம் திரையையும் பார்த்தார், வெளியே நின்ற செங்கோடனையும் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இதை யாருய்யா மாத்தச் சொன்னா? பழையபடி வை."

"சார், புள்ளையக் காணோமுங்க."

"போலீசுல சொல்லத்தான் போறோம். அவங்க என்ன கேப்பாங்க? எப்ப இருந்து காணோம், யாரு பொறுப்புல இருந்தான்னு. ரெக்கார்டு என்ன சொல்லுது? வீட்டுல இருந்தாள்னு சொல்லுது. நீதான் அப்படி வெச்ச. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

குணசேகரன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். சூத்திரத்தைப் பழையபடி மாற்றினார். 97.2. பச்சை. ஜனவரி, பிப்ரவரி தாள்களை அச்செடுத்து, "பதிவேட்டின்படி மாணவி 18.1.2006 முதல் வீட்டில் இருந்துள்ளார்" என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணாமல்தான் வந்தது.

தாளை வாங்கிய செங்கோடன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"எம்புள்ள பேரு இதுல இருக்குதுங்களா சாமி?"

"இருக்குதுங்க."

"இதக் காட்டுனாத் தேடுவாங்களா?"

"காட்டுங்க."

"உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." தூக்குவாளியை மேசைமேல் வைத்தார். "வந்துருச்சுன்னாக் குடுத்துருங்க. ஆறிப் போனாலும் தின்னுக்கும்."

கீழே ஸ்டேஷனில் அந்தத் தாளைப் படித்த ஏட்டு செங்கோடனை இரண்டு நாள் உட்கார வைத்தார். ஊட்டுல இருந்த புள்ளைய என்னடா பண்ணுனே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் எங்கே நின்றது, கண்டக்டர் யார், அவளோடு இறங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேன்மொழி அந்த வருடம் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

மார்ச்சில் வகுப்பாசிரியர் அவள் பெயரை நீக்கினார். குணசேகரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துத் திரை புதுப்பித்துக்கொண்டது. சதவீதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.