மூவாயிரம் பங்கு வாங்கிய மகராசன்

என்னைப் பற்றி உழவர்கரையில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, பங்குச் சந்தையில் இளஞ்செழியன் புலி. இன்னொன்று, கணக்கர் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவன். முதல் கருத்தைச் சொல்கிற ஒரே ஆள் நான்தான்.

கலியபெருமாள் அண்ணன் நடத்தும் புரோக்கர் ஆபீசில், மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கொரு நாற்காலி. என் மூலதனம் நானே கம்ப்யூட்டரில் எழுதிய ஒரு எச்சரிக்கை மணி. ஒரு பங்கு தினமும் எத்தனை கைமாறுகிறது என்று பார்த்து, கடைசி இருபது வர்த்தக நாட்களின் சராசரியை அது எடுத்துக்கொள்ளும். நாள் நகர நகர சராசரியும் நகரும். இன்றைய எண்ணிக்கையைச் சராசரியில் சேர்க்க மாட்டேன்; சேர்த்தால் இன்றைய வீக்கமே அளவுகோலையும் வீங்க வைத்துவிடும். சராசரியைப்போல ஐந்து மடங்கு தாண்டினால் மணி அடிக்கும். ஏதோ செய்தி கசிந்திருக்கலாம் என்று அர்த்தம்.

அண்ணனுக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. "மணி அடிச்சா யாரோ கதவ தட்றாங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது, எதுக்குன்னும் தெரியாது. வித்தவனும் இருக்கான், வாங்கினவனும் இருக்கான்ப்பா" என்பார். வயசானவர் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி கார்குழலி தையல்காரி. சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்று அவள் சேர்த்த இரண்டு லட்சம் என் டிரேடிங் கணக்கில் கிடந்தது. நல்லதாக ஒரு மணி அடிக்கட்டும், இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியிருந்தேன். எட்டு மாதமாக நல்ல மணி அடிக்கவில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அடித்தது. தட்டாஞ்சாவடியில் பம்பு செய்கிற சின்ன கம்பெனி. என் மாமனார் வேலை பார்த்த இடம்தான். நாளுக்குத் தொள்ளாயிரம் பங்கு கைமாறினாலே அதிகம். அன்று அதற்குள் ஐயாயிரம் தாண்டிவிட்டது. விலை இரண்டு ரூபாய்தான் இறங்கியிருந்தது.

அவசரப்படாதவன் என்று காட்டிக்கொள்ள எல்லாவற்றையும் சோதித்தேன். கம்பெனி ஒரு பங்கை இரண்டாகவோ ஐந்தாகவோ பிரித்திருந்தால் எண்ணிக்கை தானாகவே பெருகும், பிரிக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். பம்பு ஓடுகிறது, கேன்டீனில் இன்று தக்காளி சாதம், வேறு செய்தி இல்லை என்றான்.

செய்தி இல்லை என்றால் அந்தச் செய்தி இன்னும் வெளியே வரவில்லை என்று முடிவு கட்டினேன். எனக்கு இந்த மாதிரி மூளை. யாரோ விற்கிறார்கள், விலை பெரிதாக விழவில்லை, ஆகவே பெரிய கை ஒன்று வாங்குகிறது. திரையில் அறுபத்திரண்டு ரூபாய்க்கு இன்னும் மூவாயிரம் பங்கு விற்பனைக்கு நின்றது. கார்குழலியின் கடைப் பணத்தைப் போட்டு மொத்தத்தையும் ஒரே அடியில் வாங்கினேன். அதன்பிறகு அந்தப் பங்கு ஆடவில்லை, அசையவில்லை. பெரிய கையும் காணோம், சின்னக் கையும் காணோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கார்குழலி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். மெயின்ரோட்டில் கடை பார்த்து, அட்வான்ஸ் பேசி முடித்துவிட்டாளாம். இரண்டு வாரமாக அவள் போன் ஓயாமல் அடித்திருக்கிறது, யார் யாரோ வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்காவுக்குக்கூடத் தெரியும். ஊரில் உள்ள பங்குக்கெல்லாம் சராசரி போட்ட எனக்குத்தான் தெரியாது.

பணம் ஏது என்று கேட்டேன்.

"உங்கள நம்பி இருந்தா கெழவியாயிடுவேன். அப்பா எனக்கு விட்டுட்டுப் போன பங்கு எட்டாயிரம் இருந்துச்சுல்ல, போன்லயே வித்துட்டேன்" என்றாள். "ஐயாயிரம் கொஞ்சம் கொஞ்சமாதான் போச்சு. மிச்ச மூவாயிரத்த ஒரே ஆள் மொத்தமா வாங்கிட்டாரு. யாரு பெத்த புள்ளயோ, அந்த மகராசன் நல்லா இருக்கணும்."

அந்த மகராசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். போனைத் திறந்து, வாங்கிய நேரத்தையும் விலையையும் காட்டினேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன், அல்லது சிரிப்பாள் என்று. இரண்டும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் பங்கை விற்கிற பட்டனை அமுக்கக் கை வரவில்லையாம், காலையிலிருந்து மனசே சரியில்லையாம். என்னை நினைக்கவே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவள் அப்பாவை விற்கும் நிலைக்கு வந்ததே என்னால்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூவாயிரம் வீட்லயேதான் இருக்கு. அத மட்டும் தொடாதீங்க. நாளைக்கு ஒம்போது மணிக்குக் கடைய வந்து கூட்டிக் குடுங்க."

சந்தை திறப்பது ஒன்பதேகாலுக்கு. துடைப்பத்தைத் தேடி எடுத்து, மறக்காமல் இருக்க வண்டியில் செருகி வைத்தேன்.