நூகு பாயின் எண்பதரை

அந்தச் செவ்வாய்க்கிழமை நூகு பாய் வெறுங்கையோடு வந்தார்.

“டயாலிசிஸ் தண்ணி மெஷின் விசயமாப் பதில் கேட்டு லெட்டர் போட்டிருந்தீங்களாமே சலோமிம்மா. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எழுதித்தான் தரணும் பாய். வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள. மூணு கம்பெனிக்கும் ஒரே கேள்வி, ஒரே கெடு.”

“அவங்க ரெண்டு பேரும் திருச்சி, மெட்ராஸ்காரங்க. அவங்க எழுதட்டும். என்னைப் பதினோரு வருசமாப் பாக்குறீங்க, எனக்கு எதுக்குத் தாளு? டேங்கைத் திறந்து ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டட்டா?”

சலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரத்தத்துக்குப் போற தண்ணி பாய் அது. குடிச்சுப் பார்த்தாத் தெரியுமா?”

“தெரியாதுதான்,” என்று அவரும் சிரித்தார். “ஆனா நீங்க கேக்குற லேப் ரிப்போர்ட்டு வர பத்து நாளாகுமே.”

“நாள் வேணும்னா எழுதிக் கேக்கலாம்னு லெட்டர்லயே போட்டிருக்கு. கேட்டா மூணு பேருக்கும் சேர்த்து நீட்டுவோம்.”

“நான் உங்ககிட்ட மனு போடணுமா?” என்றபடி எழுந்தார். “போடுற மார்க்கைப் போடுங்கம்மா. நீங்க அறியாததா.”

வியாழன் நாலு மணிக்கு மற்ற இரண்டு பதில்களும் வந்துவிட்டன. நூகு பாயிடமிருந்து எதுவும் வரவில்லை. அவர் வந்ததையும் பேசியதையும் சலோமி தேதி போட்டு ஃபைலில் குறித்து வைத்தாள்.

காரைக்காலில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் சலோமி கொள்முதல் அலுவலர். பஞ்சு முதல் எக்ஸ்ரே வரை வாங்குவது அவள் பொறுப்பு. டயாலிசிஸ் பிரிவில் ஆறு படுக்கைகள். சுரக்குடியிலிருந்தும் வரிச்சிக்குடியிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். அந்தப் பிரிவின் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் தேய்ந்துபோய், புதிதாக வாங்கவேண்டிய நிலை. அதைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர் நூகு பாய். சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, சின்னதாக ஒரு பட்டறை போட்டவர். பெரிய மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோது, பம்ப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவர். புதிய இயந்திரத்தோடு ஐந்து வருடப் பராமரிப்பும் சேர்ந்தே போகும். அது கைவிட்டுப் போனால் பட்டறையை மூடவேண்டியதுதான் என்று அவர் மனைவி ஆஸியா பீவி சலோமியிடம் மீன் மார்க்கெட்டில் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

இந்தப் பழக்கத்தை முதலிலேயே நிர்வாகி மார்ட்டினிடம் எழுதிக் கொடுத்து, வேண்டுமானால் தன்னை விலக்கிவிடும்படி சலோமி கேட்டாள். “காரைக்கால்ல யாருக்கு யாரைத் தெரியாது? பழக்கம் இல்லாத ஆளுக்கு நான் பாரீஸுக்குத்தான் போவணும்,” என்று அவர் அதை ஃபைலில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை விலை கேட்கும் முன்பே முடிவு செய்து, கம்பெனிகளுக்கு அனுப்பிய தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். நூறில் தண்ணீரின் தரத்துக்கு நாற்பது, பழுது பார்க்கும் வேகத்துக்கு இருபத்தைந்து, ஐந்து வருடச் செலவுக்கு இருபத்தைந்து, பொருத்தித் தரும் காலத்துக்குப் பத்து. தரத்துக்கு நாற்பது என்றவர் டாக்டர் கார்த்திகேசன். அதற்கு முந்தைய வருடம் ஒரு மத்தியானம் மூன்று நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் குளிர் கண்டது. சுரக்குடி புகழேந்திக்குப் பல் கிட்டித்துப் போனதை சலோமியும் பார்த்தாள். தண்ணீரில் கிருமி நச்சு கலந்திருந்தது. இருபது நிமிடத்தில் நூகு பாய் வந்துவிட்டார், குழாய் முழுவதையும் மருந்து விட்டுக் கழுவினார், மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் மாதாமாதம் சோதனை எடுக்கும் வழக்கம் அவருக்கு வரவில்லை.

டாக்டரும் டயாலிசிஸ் டெக்னீஷியன் ரீட்டாவும் சலோமியும் தனித்தனியாக உட்கார்ந்து பத்துக்கு மார்க் போட்டார்கள். பிறகு ஒன்றாகக் கூடி, வித்தியாசம் வந்த இடங்களில் காரணம் பேசினார்கள். விலை உறைகளை அதற்கப்புறமே பிரித்தார்கள். பழுது பார்க்கும் வேகத்தில் நூகு பாய்க்கு ஒன்பது. அதற்கு மருத்துவமனையின் புகார்ப் பதிவேடே சாட்சி. விலையும் அவருடையதே குறைவு, அதனால் பத்து. பொருத்தும் காலத்துக்கு ஒன்பது. தண்ணீரின் தரத்துக்கு ஆறு. லேப் ரிப்போர்ட் இல்லை, இரண்டாவது வடிகட்டி இல்லை, குழாயைக் கழுவும் முறை பற்றி ஒரு வரியும் இல்லை. பெருக்கிக் கூட்டியபோது சென்னை எழுபத்தைந்தே முக்கால், நூகு பாய் எண்பதரை, திருச்சி எண்பத்தொன்றரை.

“ஒரே ஒரு மார்க்கா?” என்றார் மார்ட்டின். “தரத்துல அஞ்சைக் குறைச்சு அந்த அஞ்சை சர்வீஸ்ல ஏத்திப் பாரும்மா.”

சலோமி கம்ப்யூட்டரில் மாற்றினாள். நூகு பாய் எண்பத்திரண்டு. திருச்சி எண்பத்தொன்றரையிலேயே நின்றது.

“அப்புறம் என்ன? நம்ம ஊரு ஆளு.”

“உறையெல்லாம் பிரிச்சாச்சு சார். இப்ப மாத்தினா நாம மார்க் போடல, ஆளைப் பொறுக்குறோம்.”

“ஊரு உன்னைத்தான் பேசும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

வேண்டுமென்றுதான் அவள் அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். ஒருநாள் தள்ளினால் கை தளர்ந்துவிடும் என்று பயம். இரண்டு பக்கப் பரிந்துரை. திருச்சி கம்பெனியை எடுக்கலாம், ஆனால் காரைக்காலிலேயே ஒரு மெக்கானிக்கை வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. நூகு பாயின் பதினோரு வருடத்தையும், மூவரில் அவர்தான் சீக்கிரம் வந்து நிற்பவர் என்பதையும் தனிப் பத்தியாக எழுதினாள். வித்தியாசம் ஒரு மார்க்தான், ஐந்தை இடம் மாற்றினால் வரிசை மாறும் என்பதையும் மறைக்கவில்லை. மாற்றக்கூடாது என்பதற்கான காரணத்தையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறக்கட்டளையின் கொள்முதல் குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

தகவல் கடிதம் கிடைத்த மறுநாள் நூகு பாய் வந்து தன் மார்க்கைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவருடைய தாளை மட்டும் சலோமி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். ஆறு என்ற எண்ணில் விரல் நின்றது.

“ரிப்போர்ட்டு வெச்சிருந்தா?”

“ஏழு மார்க்காவது வந்திருக்கும் பாய்.”

ஏழு வந்திருந்தால் எண்பத்து நாலரை. அதை அவள் சொல்லவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும்.

“மனு போடச் சொன்னீங்க,” என்று மட்டும் சொன்னார்.

புதிய இயந்திரம் நன்றாக ஓடுகிறது. மாதம் தவறாமல் ரிப்போர்ட் வருகிறது, யாருக்கும் குளிர் காணவில்லை. அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் கோக்கும்போது சலோமிக்கு நிம்மதி என்று ஒன்றும் தோன்றுவதில்லை. ஆஸியா பீவி மார்க்கெட்டில் எதிரே வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறாள். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஐம்பத்து நாலு வயதில் நூகு பாய் மறுபடி விமானம் ஏறினார், ஷார்ஜாவில் ஒரு தண்ணீர் ஆலைக்கு, இரவு ஷிஃப்ட்டுக்கு. போய் இரண்டு வருடமாகிறது. ஒரு போன் இல்லை.

சரியாகத்தான் செய்தோம் என்று சலோமிக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமோ என்பதும், அப்படிச் சொன்னால் மற்ற இருவருக்கும் அதே தயவைக் காட்டியிருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

ஷார்ஜாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நூகு பாய் ஒருமுறை வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. அதை மேசைமேல் வைத்து, மடிப்பு போகக் கையால் நீவினார்.

“அங்க அனுபவச் சான்று கேக்குறாங்கம்மா. மார்ட்டின் சார் எழுதினா ஆகா ஓகோன்னு எழுதிடுவாரு. நீங்க எழுதிக் குடுங்க. பதினோரு வருசத்துல நீங்க பார்த்தது என்னவோ அது. ஒரு மார்க்கும் கூடுதலா வேணாம்.”