ஹெட்கியர் படம் போட்ட கம்ப்யூட்டர்

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினபோது என்னோடு வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் இன்னா பண்றதுன்னு தெரியாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கத்தில் முதலில் எஸ்டிடி பூத் வைத்தேன். போன் எல்லார் கைக்கும் வந்ததும் ஜெராக்ஸ் மிஷின் போட்டேன். அதற்கப்புறம் கம்ப்யூட்டர். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வீடியோ பார்த்து, நிறுத்தி, திருப்பிப் பார்த்து நானே பிடித்துக்கொண்டது. ஆன்லைன் விண்ணப்பம் என்றால் இந்தப் பக்கத்தில் என் கடைதான். பங்காருபேட்டையிலிருந்துகூட ஆள் வருவார்கள்.

மிஷினில் லினக்ஸ் போட்டது மட்டும் என் பொண்ணு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பழைய மிஷினுக்கு இதுதான் லேசாக ஓடும் என்றாள். ஜனங்களுடைய ஆதார், சர்டிபிகேட் எல்லாம் உள்ளே கிடப்பதால் டிஸ்குக்கே ஒரு பூட்டு போட்டாள். மிஷினை ஆன் செய்தால் முதலில் பாஸ்வேர்டு கேட்கும். அதைக் கொடுத்தால்தான் மேற்கொண்டு நகரும். அப்புறம் லாகின் திரை, அங்கே இன்னொரு பாஸ்வேர்டு.

நான் மிஷினை அணைக்கவே மாட்டேன். அது சுரங்கத்துப் பழக்கம். பம்பை நிறுத்தினால் தண்ணீர் லெவல் லெவலாக ஏறிவிடும், அதனால் ஓடுகிறதை நிறுத்தக்கூடாது என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. கடை மூடும்போது மிஷினைத் தூங்கப் போடுவேன், காலையில் ஒரு பட்டனைத் தட்டினால் முழித்துக்கொள்ளும். அந்த முதல் பாஸ்வேர்டைக் கேட்டே மாதக்கணக்காகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஆசை வந்தது. மிஷின் ஆரம்பிக்கும்போது யாரோ ஒரு கம்பெனியின் முத்திரை எதற்கு? நந்திதுர்க் சுரங்கத்து ஹெட்கியரை நானே ஒரு சாயங்காலம் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜை இழுக்கிற அந்த இரும்புக் கோபுரம், பின்னால் சிவப்பு வானம். கீழே என் கடைப் பெயர். அதுதான் வர வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

ஆரம்பத் திரையின் தீம் இருக்கிற ஃபோல்டரைக் காப்பி எடுத்து அதில் என் படத்தை வைத்தேன். படத்தை எப்படிக் காட்டணும் என்று சொல்கிற ஸ்கிரிப்ட் ஒன்று அதற்குள் இருந்தது. அதில் பெட்டி படம், பூட்டு படம், புள்ளி படம் என்று நிறைய வரிகள். பழைய படத்துக்குச் செய்த அலங்காரம் என்று நினைத்தேன். வெடித்த கல்லை அள்ளி இடத்தைச் சுத்தம் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். புதுத் தீமைத் தேர்ந்தெடுத்து, வீடியோக்காரன் சொன்னபடி பூட் ஆகிற ஃபைலையும் புதுப்பித்தேன். கை சூடாக இருக்கும்போதே லாகின் திரையிலும் கை வைத்தேன். வேறொரு வீடியோவில் அழகான லாகின் திரை ஒன்று பார்த்திருந்தேன், அதன் பெயரை செட்டிங் ஃபைலில் எழுதி சேவ் பண்ணினேன்.

கீழே வெடி வைத்தால், எத்தனை துளையில் மருந்து போட்டோமோ அத்தனை சத்தம் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அப்படி எண்ணியே இத்தனை வயசு உயிரோடு இருக்கிறவன் நான். ஆனால் ரெண்டு மாற்றம் செய்துவிட்டு ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. வழக்கம்போல மிஷினைத் தூங்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் லைன் வீடுகளில் ஒரு பொண்ணு. நர்ஸ். காலை இருட்டில் எழுந்து ரயிலேறி பெங்களூருக்குப் போய், ராத்திரி வந்து சேருவாள். ரெண்டு வயசுக் குழந்தை அவளை முழித்திருக்கும்போது பார்ப்பதே வாரத்தில் ஒரு நாள். கோலார் பக்கமே சர்க்கார் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். கிடைத்தால் ரயிலை விட்டுவிடலாம். அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், லேசில் தரமாட்டார்கள். அங்கே சேருவதற்கு முன்னால் நான்தான் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். "போன்ல வேணாம்மா, போன் இன்னிக்கு இருக்கும், நாளைக்கு வுழுந்து ஒடையும். என் மிஷின்ல இருந்தா பேங்க் லாக்கர் மாதிரி" என்று சொன்னவனும் நான்தான். முன்னாடியே வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "கடைசி நாள் வா, பத்து நிமிஷ வேலை" என்று சொன்னவனும் நான்தான்.

கடைசி நாள் லீவு போட்டு மத்தியானம் வந்தாள். சாயங்காலம் அஞ்சு மணியோடு முடிகிறது. அன்றைக்கென்று பார்த்து காலையிலிருந்தே கரண்ட் இல்லை. யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியிருந்தது, தூங்கின மிஷினும் அதோடு முழுசாக அணைந்துவிட்டது. ரெண்டரைக்குக் கரண்ட் வந்ததும் மிஷினைப் போட்டேன்.

ஹெட்கியர் வந்தது. சிவப்பு வானம், என் கடைப் பெயர். நானே அசந்துபோனேன்.

"பாத்தியாம்மா, எப்டி இருக்குது?"

"நல்லாக்குது மாமா. ஃபாரம் எப்போ வரும்?"

"இரு, இரு. வரும்."

வரவில்லை. அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. ஹெட்கியர் அப்படியே நின்றது. என்டரைத் தட்டினேன். பத்து தடவை தட்டினேன். பவர் பட்டனை அமுக்கி அணைத்துத் திரும்பப் போட்டேன். திரும்பவும் ஹெட்கியர்.

என்னோடு அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவன் ஒருத்தன் தினமும் பேப்பர் படிக்கக் கடைக்கு வருவான். அவன் பேப்பரை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தான். "இன்னாப்பா, கேஜ் நடுவுல மாட்டிக்கிச்சா? பெல் அடிச்சுப் பாரு."

"நீ பேப்பரைப் படி."

"படிச்சுட்டேன். ஒன் மிஷின்தான் இப்போ நியூஸு."

"மாமா, ஒங்க பொண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள் நர்ஸ் பொண்ணு.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அப்போது மூணு மணிகூட ஆகவில்லை. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அவளுக்கு இன்னாம்மா தெரியும், இந்த மிஷினோட நாடி எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மூடியைக் கழற்றித் தூசி ஊதினேன். மெமரியை எடுத்துத் துடைத்து வைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் போன் போட்டேன். என் பொண்ணு மீட்டிங்கில் இருந்தாள். எடுத்தபோது நாலரை ஆகிவிட்டது.

"நைனா, இன்னா மாத்தினீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. படம்தான்."

"ஸ்கிரிப்ட்ல கை வெச்சீங்களா?"

சொன்னேன்.

"நைனா, டிஸ்க் பாஸ்வேர்டு கேக்குற பெட்டியே அந்த வரிதான். அதை எடுத்துட்டீங்க. அது இப்பவும் கேட்டுக்கினுதான் இருக்குது, ஒங்க கண்ணுக்குத் தெரியல. நீங்க வெறும் என்டர் தட்டினா தப்பு பாஸ்வேர்டுன்னு எடுத்துக்கும். மூணு தடவைக்கு மேல கேக்காது. ரீஸ்டார்ட் பண்ணுங்க. படம் வந்ததும் எஸ்கேப் அமுக்குங்க."

அமுக்கினேன். ஹெட்கியர் மறைந்து கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. டிஸ்கைத் திறக்கப் பாஸ்வேர்டு கொடு என்று ஒரு வரி. ரெண்டு மணி நேரமாக அந்தப் படத்துக்குப் பின்னால் இதுதான் எனக்காகக் காத்திருந்தது. அடித்தேன், திறந்தது. நர்ஸ் பொண்ணு எழுந்து என் பின்னால் வந்து நின்றாள்.

லாகின் திரை வர வேண்டும். வரவில்லை. ரெண்டு தடவை மினுக்கிவிட்டு வெறும் கறுப்பு.

"அந்த லாகின் திரையை நீங்க இன்ஸ்டால் பண்ணீங்களா?"

"பேரை எழுதுனேனேம்மா."

"பேரை எழுதுனா அது வந்துடுமா நைனா? இல்லாத ஆளைப் போய் கதவைத் தெறன்னு சொன்னா யார் தெறப்பாங்க? சரி, கன்ட்ரோல், ஆல்ட், எஃப் டூ, மூணையும் சேத்து அமுக்குங்க."

எழுத்து மட்டும் இருக்கிற திரை வந்தது. பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனேன். அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். மவுஸ் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

"இப்போ சாய்ஞ்ச கோடு."

"எந்தப் பக்கம் சாய்ஞ்சது?"

"கேள்விக்குறி இருக்குற பட்டன் நைனா, ஷிஃப்ட் இல்லாம."

நடுவில் ஸ்பேஸ் விட மறந்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. திரும்ப அடித்தேன். எப்படியோ செட்டிங் ஃபைல் திறந்தது. நான் எழுதின வரியை நானே அழித்தேன், சேவ் பண்ணி லாகின் திரையை மறுபடி கிளப்பினேன். பழைய லாகின் திரை வந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை. அதை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே கிடையாது.

அஞ்சு அடிக்கப் பத்து நிமிஷம். ஃபாரத்தைத் திறந்தோம். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறியது. பத்தாம் வகுப்பு ஏறியது. நர்சிங் சர்டிபிகேட் பாதியில் சுற்ற ஆரம்பித்தது. கடைசி நேரத்தில் எல்லா ஊரிலிருந்தும் எல்லாரும் ஏற்றுகிறார்கள், அது சுற்றாமல் இன்னா செய்யும். மவுஸின் மேல் என் கை இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. பக்கம் ஒரு தடவை வெளுத்துத் திரும்பி வந்தபோது, விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது.

மறுபடி தட்டினேன். அதே வரி. அவள் என் தோளுக்கு மேலிருந்து கையை நீட்டி ஒரு தடவை தானே தட்டிப் பார்த்தாள்.

போனில் என் பொண்ணு இன்னும் இருந்தாள். "முடிஞ்சுதா நைனா?" என்று கேட்டாள். நான் போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தேன்.

கரண்ட் போனதால்தான் என்று சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் முழு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள்.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புது பென் டிரைவ் எடுத்து எல்லா ஃபைலையும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பர்ஸின் உள் ஜிப்பில் வைத்து மூடினாள்.

"நாளைக்கு வாம்மா. ஒருவேளை தேதியைத் தள்ளி வெப்பாங்க. காலையில மொத வேலையா நானே பாக்குறேன்."

"நாளைக்கு எனக்கு டூட்டி மாமா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ரயில் சீசன் டிக்கெட்டை இன்னொரு மாசத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.