கண்காட்சியில் கிடைத்த முப்பத்தாறு பேர்

பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். தோட்டத்தை அளந்து, குழாய் பதித்து, தண்ணீர் சொட்டுகிறவரை எல்லாம் நாங்களே செய்து கொடுப்போம். என் வேலை ஆபீசில். விசாரித்து வருகிறவர்களிடம் பேசுவது, விலைப்பட்டியல் அனுப்புவது, திரும்பவும் கூப்பிட்டுக் கேட்பது.

அதில் ஒரு வருடம் மதுரையில் நடந்த விவசாயக் கண்காட்சியில் முதன்முறையாக ஸ்டால் போட்டோம். எங்கள் சேல்ஸ் மேனேஜரும் நான்கு பேரும் போய் நான்கு நாள் நின்றுவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த மேனேஜருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. ஸ்டாலுக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்ச் சீட்டுகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார்.

"நானூத்தி முப்பத்திரெண்டு லீடும்மா, அத்தனையும் வாங்கப்போற ஆளுக. ஸ்டால் வாடகை முப்பத்தாறாயிரம். வகுத்துப் பாரு, ஆளுக்கு எண்பத்து மூணு ரூவா. இதைவிட மலிவா எங்க கிடைக்கும்?"

முதலாளிக்கும் சந்தோஷம். அடுத்த வருடத்துக்கு மூலை ஸ்டால், இரட்டை அளவில், இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று கண்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். செக் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சீட்டுகளில் பத்துப் பதினைந்தை அதற்குள் புரட்டிவிட்டிருந்தேன். மூன்றில் ஊர் மட்டும் இருந்தது. ஒன்றில் கல்லூரிப் பெயர். ஒரே கையெழுத்தில், ஒரே வீட்டிலிருந்து நான்கு சீட்டு.

"சார், ரெண்டு வாரம் குடுங்க. எல்லாருக்கும் போன் போட்டுப் பாத்துர்றேன். அப்புறம் பணம் கட்டலாம்."

"சலுகை போயிருமேம்மா," என்றார் மேனேஜர்.

"மாசக் கடைசி வரைக்கும் இருக்குண்ணே."

முதலாளி செக் புத்தகத்தை மூடினார். "சரி, பாரு."

போன் போடும் முன் ஒரு காரியம் செய்தேன். மேனேஜரை உட்காரவைத்து, யாரை லீடு என்று எண்ணுவது என்று கேட்டேன். பின்னால் என் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, நீ வேண்டுமென்றே கழித்துவிட்டாய் என்று அவர் சொல்லக் கூடாது. அரை மணி நேரம் வாதாடினோம். நிலம் உள்ளவர் எல்லாருமே ஒரு நாள் வாங்குவார் என்றார் அவர். ஒரு நாள் என்பதை எந்த மாதத்தில் எழுதுவது என்றேன் நான். கடைசியில் நான்கு கேள்விக்கு ஒத்துக்கொண்டார். சொந்த நிலமோ நீண்ட குத்தகையோ இருக்கிறதா? கிணறோ போர்வெல்லோ, மோட்டாரோடு இருக்கிறதா? இந்தப் போகத்துக்குள் போடும் எண்ணம் உண்டா? முடிவெடுப்பவர் அவர்தானா? நான்குக்கும் ஆமாம் என்றால்தான் கணக்கு. ஏஜென்சி கேட்டு வந்த கடைக்காரர்கள் தனி.

பிறகு தினமும் பத்து மணிக்குப் போனை எடுத்தால் சாயங்காலம்வரை வைக்கமாட்டேன். வெயில் ஏறும் முன் விவசாயிகள் தோட்டத்தில் இருப்பார்கள், எடுக்கமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பிடித்தால் உண்டு.

"யாரு தாயி? சொட்டுநீரா? அங்கன உங்க ஸ்டாலுல சாவிக்கொத்து குடுத்தாகள்ல, அதுக்குத்தான் எழுதிக் குடுத்தேன். எனக்கு நிலமெல்லாம் கெடையாது, டெய்லர் கடை வச்சிருக்கேன்."

இப்படி எத்தனையோ பேர். மாணவர்கள், ஏற்கெனவே குழாய் போட்டுவிட்டவர்கள், தவறான நம்பர்கள். ஒருவர் போட்டிக் கம்பெனியின் ஆள். விலையைத் தெரிந்துகொள்ள வந்தவர், பேச்சிலேயே மாட்டிக்கொண்டார். எடுக்காதவர்களை மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் கூப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரி, "உனக்கென்ன பிடிவாதம், பாதியைப் பாத்துட்டு ரெண்டால பெருக்கிச் சொல்லேன்" என்றாள். முடியாது என்றுவிட்டேன்.

தேறியவர்கள் முப்பத்தாறு பேர்.

அடுத்து செலவு. வாடகை மட்டும் செலவாகாது. ஸ்டால் அலங்காரமும் மின்சாரமும், குழாயும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிப் போய்த் திரும்பிய லாரி, நோட்டீஸ், சாவிக்கொத்து, ஐந்து பேருக்கு லாட்ஜ், சாப்பாடு, பேட்டா. அதோடு அந்த ஐந்து பேரின் சம்பளம். அமைக்க ஒரு நாள், பிரிக்க ஒரு நாள் சேர்த்து ஆறு நாள்.

"சம்பளம் எப்படியும் குடுக்கத்தான போறோம்? அதை ஏன் சேக்குற?" என்றார் மேனேஜர்.

"அந்த ஆறு நாளும் இங்கன குழாய் பதிக்க ஆளில்லாம ரெண்டு தோட்டத்துக்காரக காத்துக்கிட்டு இருந்தாகண்ணே. வேலை அங்க நடந்திருக்கு, சம்பளமும் அங்கதான் போகணும்."

நான் போன் போட்ட நாட்களின் சம்பளத்தையும் போன் பில்லையும்கூடச் சேர்த்தேன். மொத்தம் ஒரு லட்சத்து எட்டாயிரம். முப்பத்தாறால் வகுத்தால் ஆளுக்கு மூவாயிரம்.

நான் எதிர்பார்க்காதது முதலாளி அறையில் நடந்தது. தாளைப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது. "எண்பத்து மூணுன்னு சொன்னீகளேய்யா!" என்று மேனேஜரைப் பார்த்துக் கத்தினார். "இனிமே கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்கு நாள் நின்ற கால் அது. எனக்குச் சுருக்கென்றது. அவரைத் தோற்கடிக்க நான் போன் போடவில்லை.

"சார், மூவாயிரம் அதிகமா, கம்மியான்னு இன்னும் நமக்குத் தெரியாது," என்றேன். "இந்த முப்பத்தாறு பேருல எத்தனை பேரு போடுறாகன்னு பாக்கணும். ஒரு போகம் முடியட்டும். இரட்டை ஸ்டாலுக்கு இப்பக் கட்ட வேணாம். கண்காட்சியே வேணாம்னும் இப்பச் சொல்ல வேணாம்."

"அதுவரைக்கும்?"

"முப்பத்தாறு தோட்டத்தையும் அண்ணன் போய்ப் பாக்கட்டும். நான் நாள் குறிச்சுத் தர்றேன்."

மேனேஜர் மோட்டார் சைக்கிளில் அலைந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம், உசிலம்பட்டி பக்கம், நாங்கள் முன்பு எட்டிப் பார்க்காத ஊர்கள். அதே சமயம் காமயகவுண்டன்பட்டியில் எங்களிடம் குழாய் போட்ட ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள் செயல்விளக்கம் வைத்தோம். அதற்கும் அதே நான்கு கேள்வி, அதே கணக்கு. வண்டி, பந்தல், மதியச் சாப்பாடு, போன எங்கள் ஆட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். தேறியவர்கள் பத்துப் பேர். ஆளுக்கு ஆயிரத்து நூறு. முதலாளி, "பாத்தியா!" என்றார். ஆனால் அந்தப் பத்துப் பேரும் பக்கத்துத் தோட்டக்காரர்கள், எப்படியும் எங்களைத் தெரிந்தவர்கள். அதையும் சொன்னேன்.

போகம் முடிந்தபோது கண்காட்சி ஆட்களில் ஒன்பது பேர் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு பன்னிரண்டாயிரம். பொருளும் பதிப்புக் கூலியும் மேனேஜர் அலைந்த செலவும் போக ஒரு ஆர்டரில் சராசரியாக நின்றது பதினேழாயிரம். நஷ்டமில்லை. பெருமைப்படும்படியும் இல்லை.

அடுத்த வருடம் மறுபடி போனோம். சலுகையில்லாமல், அதே ஒற்றை ஸ்டால். ஐந்து பேருக்குப் பதில் மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி. சாவிக்கொத்து கிடையாது. தொட்டியில் தண்ணீர் ஓடவிட்டுக் குழாய் சொட்டுவதைக் காட்டினோம். நான்கு கேள்வியையும் ஸ்டாலிலேயே கேட்டோம். ஆமாம் என்றவர்களை மேனேஜரிடம் உட்காரவைத்தோம், மற்றவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து வணக்கம் வைத்தோம். எதிர் ஸ்டாலில் கூட்டம் நெரிந்தது. இரண்டாம் நாள் நானே கேட்டுவிட்டேன்.

"என்னண்ணே, நம்ம பக்கம் ஈ ஓட்டுற மாதிரி இருக்கே?"

"இருக்கட்டும்மா," என்றார் அவர், எதிரில் உட்கார்ந்திருந்த வாழைத் தோட்டக்காரரின் நில அளவை எழுதிக்கொண்டே. "இவுக மோட்டாரு எத்தனை எச்.பி.ன்னு கேட்டியா?"

ஊருக்கு வந்து போன் போட்டுச் சரிபார்த்தேன். எழுதிய பெயர் நூற்று நாற்பது. தேறியது நாற்பத்தெட்டு. எல்லாச் செலவும் சேர்ந்து எண்பத்தோராயிரத்து அறுநூறு. ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு. இந்தமுறை முதலாளியிடம் தாளைக் கொண்டுபோனது மேனேஜர். மூன்று பேரின் சம்பளத்தையும் அவரே முதல் வரியில் எழுதியிருந்தார்.