சிவப்புத் துண்டு கட்டிய மேசை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதன் பிறகு கம்பி கட்டும் வேலைக்காக ஓசூர், எர்ணாகுளம், நெல்லூர் என்று ஊர் ஊராகப் போனேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த பஸ். நாற்பத்து மூன்றாவது வயதில் முதுகெலும்பில் டிஸ்க் விலகியது. இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். குனியாமல் கம்பி கட்ட முடியாது. மதுரைக்குத் திரும்பி, திருப்பரங்குன்றத்தில் ஓர் அறை பிடித்தேன்.

வேலை கிடைத்தது ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். நடத்தியவர் ஒரு பெண் இன்ஜினியர். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோருக்கும் அவர் மேடம். வரைபடத்தைப் பார்த்து, எந்த இடத்துக்கு எத்தனை கம்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எங்கே வளைக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. அந்தத் தாளை வைத்துத்தான் சைட்டில் வெட்டுவார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் வெட்டியவன் என்பதால் எழுதவும் தெரியும் என்று என்னை எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரை அங்கேயே கற்றுக்கொண்டேன். வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும். என் மனது இன்னும் அடிக்கணக்கில்தான் ஓடும்.

அலுவலகம் என்பது ஒரே ஹால். நடுவில் தடுப்பு கிடையாது. பதினோரு பேர். ஒருவர் போனில் பேசினால் பத்துப் பேருக்கும் கேட்கும். சைட்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப் என்று என் போனில் மட்டும் ஒன்பது குரூப் இருந்தன. போட்டோ வரும், கேள்வி வரும், காலை வணக்கம் வரும், யாரோ ஒருவரின் மகள் காதுகுத்துப் பத்திரிகையும் வரும். ஒவ்வொன்றுக்கும் போன் ஒருமுறை உறுமும். சத்தத்தை நிறுத்தினால் மேசைமேல் கிடந்து வெளிச்சம் காட்டும். கவிழ்த்து வைத்தால், அதற்குள் என்ன வந்திருக்கும் என்று மனது போய் நிற்கும்.

பரவையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முன்பக்கம் ஐந்தடி வெளியே நீளும் பால்கனி. கீழே தூண் இல்லாமல் வெளியே நிற்கும் பால்கனிக்கு மேல்பக்கக் கம்பிதான் உயிர். வெளியே ஐந்தடி என்றால் உள்ளே எட்டடியாவது ஓடிக் கட்டடத்தைப் பிடித்திருக்க வேண்டும். முனை வளைவோடு பதின்மூன்றேகால் அடி. நாற்பதடிக் கம்பியில் மூன்று துண்டு விழும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மேல் அந்த மண்டபத்து மேஸ்திரி போன் செய்தார்.

"அண்ணே, பால்கனி மேக்கம்பி அஞ்சேகால் அடின்னு போட்டிருக்கீங்க. நம்ம ஆளுக வெட்டி வச்சுட்டாய்ங்க. இதக் கொண்டுபோயி நான் எதுல கட்டுறது?"

"எத்தன வெட்டிட்டாய்ங்க?"

"எட்டு முழுக் கம்பி. அம்பத்தாறு துண்டு. நான் பாக்காம விட்டிருந்தா என்னண்ணே ஆகும்? மாப்பிள்ள அழைப்புக்கு சனம் அம்புட்டும் அங்கனதான் வந்து நின்னு வேடிக்க பாக்கும்."

போனை வைத்துவிட்டு, பட்டியல் போட்ட நாளை ஒவ்வொரு நிமிடமாகத் திருப்பிப் பார்த்தேன். போனே சாட்சி சொன்னது. ஐந்தேகால் என்று எழுதியிருக்கிறேன். 'உள்ளே எட்டு' என்று வாயில் சொல்லியும் இருக்கிறேன். அந்த நேரம் வேறு சைட்டிலிருந்து ஒரு போட்டோ, 'இந்த ரிங் சரியாண்ணே?' என்று. பதில் அனுப்பினேன். அதே குரூப்பில் யாரோ போட்டிருந்த வெங்காய லாரி கவிழ்ந்த வீடியோவைப் பார்த்தேன். பக்கத்து மேசைத் தம்பி சார்ஜர் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். வாயில் சொன்னதைக் கை எழுதிவிட்டதாக மனது நம்பிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட இருக்காது.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"கம்பி போனாப் போகுதுண்ணே, அத வேற எடத்துல சேத்துக்கலாம். ஆனா உங்க லிஸ்ட்ட இனி நானும் ஒருக்க பாக்கணும்னா உங்கள வச்சு நான் என்ன செய்யட்டும்? மேலூர் ரைஸ்மில் அஸ்திவாரம் உங்ககிட்ட இருக்கு. வெள்ளிக்கெழம வெட்ட ஆரம்பிக்கிறாங்க. அதுலயும் பெசகுச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

வேறு ஆள் வந்தால் எனக்கு வேறு வேலை கிடையாது. முதுகு வளையாது, படிப்பும் கிடையாது. அந்த நாற்காலி போனால் போனதுதான்.

அந்த அஸ்திவாரம் ஒரே பெரிய கான்கிரீட் பலகை. அடியில் ஒரு கம்பி வலை, மேலே ஒரு வலை. நீளம் அதிகம் என்பதால் கம்பியோடு கம்பி ஒட்டுப்போட வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே கோட்டில் வரக் கூடாது. வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி வர வேண்டும். மிஞ்சும் துண்டு எங்கே பயன்படும் என்பதையும் கூடவே யோசிக்க வேண்டும். முழு வலையும் தலைக்குள் நின்றால்தான் கணக்கு ஓடும். நடுவில் ஒருவர் பேசினால் வலை கலைந்துவிடும். மறுபடி நிறுத்த அரை மணி நேரம் ஆகும். நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு தொடர்ந்தால் பரவைதான்.

எங்கள் கம்பிக் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. லோடு வந்து இறங்கும்போது கம்பி எண்ணுகிறவன் மணிக்கட்டில் சிவப்புத் துண்டு கட்டிக்கொள்வான். அவனிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் கூட்டத்துக்கே டீ வாங்கித் தர வேண்டும். நூற்று முப்பத்தேழில் ஒருவன் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்துதானே எண்ண வேண்டும்? வெயிலில் எண்ணிப் பார்த்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அலுவலகத்தில் எண்ணுவதற்கு மட்டும் ஏன் துண்டு கிடையாது என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

மேடத்திடம் போனேன். "புதன், வியாழன் ரெண்டு நாளும் பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் யாரும் என்கிட்ட பேசாம இருக்கணும் மேடம். என் போன வாசல் மேசை அக்காகிட்ட குடுத்துர்றேன்."

"சைட்ல கூப்புடுவாங்களேண்ணே?"

"கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்காய்ங்க, இல்லாட்டி யாருக்காச்சும் அடிபட்டுருச்சுன்னா அக்கா வந்து தோளத் தொடட்டும். மத்ததெல்லாம் ஒரு மணிக்கு நான் கூப்புடுறேன்னு சொல்லட்டும்."

துண்டு, டீ விஷயத்தையும் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, "பதினோரு டீயா? சரி, பாப்போம்" என்றார்.

புதன் காலை மானிட்டர் மூலையில் சிவப்புத் துண்டைக் கட்டினேன். வாசல் மேசையில் போன் எடுக்கும் அக்கா என் போனை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"என்னண்ணே, கடைக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்றான் பக்கத்து மேசைத் தம்பி. மணி பத்தாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்ததால் டீயிலிருந்து தப்பித்தான்.

ஹால் அடங்கியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பதினொன்றுக்குள் என் கை ஏழு முறை சட்டைப் பைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் வரைபட ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டதால் எண்ணிக்கை தெரியும். இத்தனை நாளும் மற்றவர்கள்தான் என்னைக் கலைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கணக்கு கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வந்தால் உடனே எழுந்து வேறெங்காவது போகத் தேடுவது நான்தான். ஊர் ஊராகப் போனதும் இப்படித்தானோ என்று தோன்றியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே போய்விட்டு வர அந்தப் போன் வசதியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அடிவலை முழுவதும் தலைக்குள் வந்து நின்றது. பிறகு நேரம் தெரியவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் அக்கா தோளைத் தொட்டார். நான் உடனே திரும்பவில்லை. ஒரு துண்டுச் சீட்டில், 'நாற்பத்தொன்றாவது வரிசை முடிந்தது, அடுத்த ஒட்டு இடப்பக்கம்' என்று எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு சைட்டில் கான்கிரீட் லாரி வந்து நின்றிருந்தது. படியில் ஒரு கம்பி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று சந்தேகம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். திரும்பி வந்து சீட்டைப் படித்தேன். நாற்பத்திரண்டாவது வரிசை அங்கேயே காத்திருந்தது. பரவைக் கணக்கின்போது அப்படி ஒரு சீட்டு எழுதத் தோன்றவில்லையே என்று இருந்தது.

வியாழன் மேல்வலை. கை இரண்டே முறைதான் பைக்குப் போனது. பதினொன்றரை இருக்கும், முதுகுக்குப் பின்னால் "அண்ணே, அந்த—" என்று ஒரு குரல். உடனே ஹால் முழுவதும் சிரிப்பு. நான் நிமிரவில்லை. வரிசையை முடித்து, சீட்டெழுதி, தலையைத் தூக்கியபோது பின்னால் யாரும் இல்லை. ஒரு மணிக்குத் துண்டை அவிழ்த்ததும் அக்கா சொன்னார்:

"மேடம்தாண்ணே. துண்டப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க. டீ சொல்லியாச்சு, பதினொண்ணு. எனக்கு இஞ்சி போட்டது."

"என்ன கேக்க வந்தாங்களாம்?"

"ஒண்ணுமில்ல. தம்பியே பதில் சொல்லிட்டான்."

அன்று மாலை பட்டியலை அச்செடுத்து, வரைபடத்தோடு வைத்து வரி வரியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். ஓர் இடத்தில் ஒரு கம்பி குறைந்தது. அகலத்தை இடைவெளியால் வகுத்துவிட்டுக் கடைசிக் கம்பிக்கான ஒன்றைக் கூட்டாமல் விட்டிருந்தேன். திருத்தினேன். அமைதி கிடைத்துவிட்டால் தப்பே வராது என்று சொல்ல மாட்டேன். வந்த தப்பு கண்ணில் படும், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மேடம் என்னை மேலூர் அனுப்பினார், கட்டியதைப் பார்த்துவர. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் போன் உறுமியது, இறங்கும்வரை எடுக்கவில்லை. ரைஸ்மில் பள்ளத்தில் இரண்டு வலையும் விரிந்து கிடந்தன. அந்த ஊர் மேஸ்திரி கையில் என் தாளோடு மேல்வலையின் மேல் நடந்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி" என்று கூப்பிட வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கினார்.

நின்றேன். வெயில் ஏறியது. பையில் போன் இரண்டு தடவை உறுமி அடங்கியது. ஓரம் வரை போய்க் கடைசிக் கம்பியில் கால்வைத்தவர் தாளைப் பார்த்தார், பிறகு திரும்பினார்.

"சரியா இருக்குண்ணே. நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தேன்" என்றேன்.